படம் பார்த்தே அழுகிறவர் அவசர அழைப்பு எடுக்கலாமா?

"எனக்கு 22 வயது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் படத்தில் யாராவது அழுதாலே எனக்கும் அழுகை வந்துவிடும். இந்த வேலையைத் தாங்கும் மனம் எனக்கு இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. ஆனால் அழுகை வருகிறதா, வரவில்லையா என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் 12 வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அழைப்பு எடுத்தவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் வாரத்தில் கண் கலங்கி எழுந்து போனவர்கள் பலர் இன்றும் அதே நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். கல் மாதிரி இருந்தவர்கள் சிலர் வருடம் முடிவதற்குள் போய்விட்டார்கள். ஒரு சம்பவம் நம்மை எவ்வளவு உலுக்குகிறது என்பதை விட, உலுக்கப்பட்ட மனம் எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. எது உங்களை உலுக்குகிறது என்பதும் முக்கியம். அதை விளக்க, வேலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும்.

நான் எடுத்த ஓர் அழைப்பு. விடியற்காலை. ஒரு மகன் பேசுகிறார். "அப்பா எழுந்திருக்க மாட்டேங்கிறார்." நான் முதலில் கேட்பது இடம். என்ன ஆயிற்று என்பது இரண்டாவதுதான், ஏனென்றால் லைன் பாதியில் அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டி போய்ச் சேரும். அடுத்து இரண்டே கேள்விகள். கூப்பிட்டால் விழிக்கிறாரா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? "மூச்சு இருக்கு, குறட்டை மாதிரி அப்பப்ப இழுக்கிறார்" என்றார். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் உடல் அப்படி விட்டு விட்டுக் காற்றை இழுக்கும். அது மூச்சு இல்லை. விழிப்பு இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டும்.

அப்பாவைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கி மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. 5 சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. "என்னோடு சேர்ந்து சத்தமா எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." வண்டி வந்து சேர 9 நிமிடம் ஆனது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,000 முறை. நடுவில் அவர் அழுதார், "ஏதோ முறியிற சத்தம் கேக்குது" என்று பயந்தார், நிறுத்தப் பார்த்தார். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. அப்புறம் கதவு திறக்கும் சத்தம், புதிய குரல்கள், லைன் கட். அவ்வளவுதான். அவர் அப்பா பிழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த அழைப்பு சில நொடிகளில் வந்தது. "நாப்பது நிமிஷமா காத்திருக்கேன், எங்க செத்துப் போனீங்க எல்லாரும்?" என்று ஒருவர் கத்தினார். அவருக்கு முதுகுவலி.

அந்த இரண்டு அழைப்புகளும் இரண்டு வேறு சுமைகள். ஒன்று துயரம், மற்றொன்று ஜனங்கள். வேலை தேடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு "மன உறுதி" என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் தங்களைத் தவறாக எடை போடுகிறார்கள். மரணத்தைத் தாங்குகிற ஒருவர் வசவைத் தாங்காமல் போகலாம். நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் சிரித்துப் பேசுகிறவர் ஒரு குழந்தையின் முனகலைக் கேட்டால் ஒரு வாரம் தூங்காமல் கிடக்கலாம். எந்தச் சுமை உங்களுக்கு எளிது, எது பாரம் என்பதைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

துயரத்தைப் பற்றி நீங்கள் பயப்படுகிறீர்கள், எனவே அதிலிருந்து தொடங்குகிறேன். அடுத்தவர் வலியைப் பார்த்து நமக்குள் நடப்பது இரண்டு விதம். ஒன்று, அவர் வலியை நம் வலியாகவே உணர்வது. இன்னொன்று, அவருக்காகக் கசிந்து, ஏதாவது செய்யக் கை நீள்வது. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். வலியை அப்படியே உள்வாங்கப் பழகியவர்களுக்கு மனச்சோர்வான உணர்வுகள் கூடின. பிறகு அதே ஆட்களுக்குக் கருணையைப் பழக்கியபோது அந்தச் சோர்வு குறைந்து, நல்ல உணர்வுகள் கூடின. அதாவது இரண்டும் ஒரே சாமானின் அதிகம், குறைவு இல்லை. இரண்டு வேறு சாமான்கள். பழகக்கூடியவையும்கூட.

உங்களிடம் எது இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கேள்வி போதும். மனதை உலுக்கிய ஒன்றை நினைத்துப் பாருங்கள். அப்போது உங்கள் தலைக்குள் ஓடியது என்ன? "இது என் அம்மாவாக இருந்தால்..." என்று ஓடியதா, "அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று ஓடியதா? கண்ணீர் இரண்டிலும் வரும். முதல் வகையில் நீங்கள் அந்த அம்மாவின் மகளாகவோ மகனாகவோ மாறிவிட்டீர்கள். ஹெட்செட்டின் மறுமுனையில் ஏற்கெனவே ஒரு மகன் இருக்கிறார். இன்னொரு மகன் அவருக்குத் தேவையில்லை. எண்ணிக்கொண்டே இருக்கிற ஒரு குரல் தேவை. இரண்டாவது வகையில் அழுகிறவர்களை நான் தயங்காமல் எடுத்துக்கொள்வேன்.

படத்தைப் பார்த்து அழுவதில் இன்னொரு விஷயமும் உண்டு. படத்தில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா பார்க்க மட்டும்தான் முடியும். வேலையில் கைக்கு ஒரு காரியம் இருக்கிறது, கேட்க வேண்டிய அடுத்த கேள்வி திரையில் காத்திருக்கிறது. செய்ய ஒன்று இருக்கும்போது மனம் நடந்துகொள்ளும் விதமே வேறு. அதனால்தான் விபத்து வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்த்து "மனதைப் பழக்கிக்கொள்கிறேன்" என்று வருகிறவர்களை நான் தடுக்கிறேன். அதில் பொறுப்பும் இல்லை, செயலும் இல்லை. படங்களுக்கு மரத்துப்போவீர்கள், வேலைக்குப் பழக மாட்டீர்கள்.

இனி ஜனங்கள். இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதே இல்லை, ஆனால் எங்கள் அறையில் ஆட்களைத் தேய்ப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு ஷிஃப்டில் மரணத்தைத் தொடும் அழைப்புகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் போதையில் பேசுகிறவர், போனை வைத்து விளையாடும் குழந்தை, பேசாமலே மூச்சு விடும் லைன், தனிமை தாங்காமல் ஒரே இரவில் பல தடவை கூப்பிடும் முதியவர், "கேள்வி கேக்காம வண்டியை அனுப்பு" என்று திட்டுகிறவர். நான் கேள்வி கேட்கிற நேரத்திலேயே பக்கத்து மேசையிலிருந்து வண்டி கிளம்பியிருக்கும். அது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லியும் நம்பாமல் கத்துகிறவர்கள் உண்டு. எல்லோரிடமும் ஒரே மாதிரி, தாழ்ந்த, நிதானமான குரல்.

இந்தக் குரலுக்கு ஒரு விலை இருக்கிறது. ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983ல் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து எழுதியபோது, உணர்ச்சியைக் கையாள்வதும் கூலிக்குச் செய்யும் உழைப்புதான் என்று காட்டினார். அதில் அவர் இரண்டு வழிகளைப் பிரித்தார். உள்ளே எரிச்சல் இருக்க முகத்தில் மட்டும் சாந்தத்தை ஒட்டிக்கொள்வது ஒரு வழி. எதிரில் இருப்பவரை வேறு விதமாகப் பார்த்து, உள்ளேயே சாந்தமாவது இன்னொரு வழி. முதல் வழியில் நாளெல்லாம் ஓட்டுகிறவர் சீக்கிரம் களைக்கிறார், இதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. "இவன் என்னைத் திட்டவில்லை, பயத்தில் கத்துகிறான்" என்று நிஜமாகவே தோன்றுகிறவருக்கு அந்தக் குரல் இலவசமாக வருகிறது. தோன்றாமல், பல்லைக் கடித்துக்கொண்டு "சொல்லுங்க சார்" என்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் கையிலிருந்து போகிறது.

சரி, சோதிப்பது எப்படி? உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் என்ற உளவியலாளர்கள் காட்டிய ஒன்று இங்கே உதவும். ஒரு கெட்ட விஷயம் நம்மை எவ்வளவு காலம் வாட்டும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொன்னால், நாம் பெரும்பாலும் அதிகமாகச் சொல்லிவிடுகிறோம், நடக்கும்போது அதைவிடச் சீக்கிரம் தேறிவிடுகிறோம். எது உண்மையில் ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கற்பனையில் பார்க்க முடிவதில்லை. அதனால் நான் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்கிறேன்.

நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் துயரமும் ஜனங்களும் உங்கள் மேல் படும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். துயரத்துக்குச் சிறந்தது, கட்டுப்பாட்டு அறையிலேயே அழைப்பு எடுப்பவர் பக்கத்தில் இரண்டாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்பது. விண்ணப்பிப்பவர்களுக்கு இதை அனுமதிக்கும் மையங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால், நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும் இடத்திலோ மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலோ தன்னார்வலராகப் போகலாம். ஜனங்களுக்கு, புகார் வாங்கும் எந்த மேசையும் சரி. பகுதிநேரமாக வாடிக்கையாளர் அழைப்பு எடுத்தாலும் சரி. திட்டு வாங்குகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கனமான சம்பவத்துக்கும் மூன்று தடவை ஓர் எண் எழுதுங்கள். சம்பவம் முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று, மறுநாள் காலை எழுந்ததும் ஒன்று. 0 என்றால் அது உங்களுக்குள் இல்லை, 10 என்றால் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: மனதில் திரும்பத் திரும்ப ஓடுவது என்ன? இது மருத்துவர் வைக்கும் பரிசோதனை இல்லை. வருடக்கணக்கில் ஆட்களைப் பார்த்து நானே வைத்துக்கொண்ட அளவுகோல். முதல் எண்ணை நான் கண்டுகொள்வதே இல்லை. 9 இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது எண்ணைத்தான் பார்ப்பேன். காலையில் அது 2க்குள் வந்துவிட்டால் நல்லது. 5க்கு மேல் நின்றால், அதுவும் பல தடவை நின்றால், அந்தச் சுமை உங்களுக்கு அதிகம். அடுத்து, நான்காவது வாரத்தின் காலை எண்கள் முதல் வாரத்தைவிட ஏறியிருக்கின்றனவா, இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். இறங்கினால் மனம் பழகுகிறது. ஏறினால் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைக்கிற மனதோடு இந்த வேலையில் பத்து வருடம் இருக்க முடியாது.

இன்னொரு நோட்டும் வேண்டும், உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிற ஒருவரிடம். அம்மாவோ அறை நண்பரோ. "இன்றைக்கு நான் எப்படி இருந்தேன்?" என்று அவர் ஒரு வரி எழுதி வைக்கட்டும். நீங்கள் அதை நான்கு வாரம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஏன் என்று அடுத்துச் சொல்கிற கதையில் தெரியும்.

ஒரு முறை இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். 23 வயதுப் பெண் ஒருவர், அவரைவிட இரண்டு வயது பெரிய இளைஞர் ஒருவர். இருவரும் ஆறு ஷிஃப்ட் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். மாலையில் வேறொரு நிறுவனத்தில் புகார் அழைப்புகளை எடுத்தார்கள்.

அந்தப் பெண் இரண்டாவது நாளே அழுதுவிட்டார். ஒரு தாய் தன் குழந்தைக்கு மூச்சு ஊதிக்கொண்டே பேசிய அழைப்பு. ஹெட்செட்டைக் கழற்றவில்லை, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். அழைப்பு முடிந்ததும் அவர் கேட்டது, "அந்த அம்மா தனியா இருந்தாங்களா? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாமா?" என்பது. எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைய அவருடைய எண்கள் 9, 4, 1. நான்கு வாரத்திலும் துயர அழைப்புகளுக்குக் காலை எண் ஒரு தடவைகூட 3ஐத் தாண்டவில்லை.

ஆனால் புகார் மேசையில் கதை வேறு. ஒருவர் பணம் திரும்ப வரவில்லை என்று பேசும்போது "உனக்கெல்லாம் அறிவே கிடையாதா" என்று கேட்டிருக்கிறார். சின்ன விஷயம். அதற்கு எழுதிய எண்கள் 5, 6, 6. குறையவில்லை, இரவில் ஏறியிருக்கிறது. பக்கத்தில் எழுதிய வரி: "நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது." மூன்றாவது வாரம் அவருக்கு ஓர் உத்தி சொல்லிக்கொடுத்தேன். கத்துகிறவரிடம் ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே குரலில், காரணத்தோடு திரும்பத் திரும்பச் சொல்வது. "ரசீது எண்ணைச் சொல்லுங்கள், அப்போதுதான் உங்கள் பணத்தைத் தேட முடியும்." சொற்களை மாற்றினால் கத்துகிறவர் புதிதாகச் சண்டை போடுவார். மாற்றாமல் சொன்னால் நாலாவது தடவையில் பெரும்பாலும் அடங்கிவிடுவார். அவசர அழைப்பிலும் நாங்கள் இதைத்தான் செய்கிறோம். அது வேலை செய்தது, காலை எண் 4க்கு இறங்கியது. ஆனால் அதற்குக் கீழே போகவில்லை.

இரண்டு சுமைகளையும் சேர்த்து "மன உறுதி" என்று பார்த்திருந்தால் அவரை எடுத்திருப்போம், அவரும் சேர்ந்திருப்பார். ஒரு ஷிஃப்டில் அந்த மாதிரி வசவு எத்தனை என்று கணக்குப் பார்த்தோம். அழைப்பு எடுக்கிற நாற்காலி வேண்டாம், ஆம்புலன்ஸில் போகிற வேலைக்குப் படிக்கலாம் என்று அவரே முடிவு செய்தார். வண்டியில் துயரம் கூடுதல், அது கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் ஷிஃப்டில் சந்திக்கும் ஆட்கள் மிகவும் குறைவு. அவரைக் குடைந்த வசவு குறைந்தது, அவரால் தாங்க முடிந்த துயரம் கூடியது. இப்போது மூன்றாவது வருடம் அதில் இருக்கிறார்.

அந்த இளைஞர் எல்லாவற்றுக்கும் 2, 1, 0 என்று எழுதியிருந்தார். குழந்தை அழைப்புக்கும் அதே எண்தான். எங்களுக்கு மகிழ்ச்சி, சேர்த்துக்கொண்டோம். அப்போது வீட்டார் எழுதும் நோட்டு என்று ஒன்றை நான் கேட்பதில்லை. ஆறாவது மாதத்திலிருந்து அழைப்பவர்களை மட்டமாகப் பேச ஆரம்பித்தார். "இன்னொரு நாடகம்" என்பார் ஹெட்செட்டை வைத்துவிட்டு. உடல்வலி என்று விடுப்பு எடுத்தார், பிறகு ராஜினாமா செய்தார். விடைபெறும்போது அவர் சொன்னது: பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட நாட்களிலேயே வீட்டில் தம்பியிடம் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டாராம். அம்மா அப்போதே கேட்டிருக்கிறார். அவர் பொய் எழுதவில்லை. உள்ளே நடப்பது அவருக்குத் தெரியவில்லை. அவரைச் சேர்த்தது எங்கள் தவறு, என் தவறும்தான். அதன் பிறகுதான் இரண்டாவது நோட்டு வந்தது.

"எனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறவர்களைப் பற்றி எனக்கு இப்போது கூடுதல் கவலை. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வேலையில் எரிந்து தீர்வதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: களைப்பு, எதிரில் இருப்பவர்களை மனிதர்களாகப் பார்க்காமல் விலகிப்போவது, தான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். எங்கள் அறையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது நடுவில் உள்ளதுதான். களைப்பை மறைக்கலாம். அழைப்பவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதை மறைக்க முடியாது.

நோட்டு உங்கள் பக்கத்தை மட்டும்தான் காட்டும். மறுபக்கம் வேலை கொடுக்கிற இடம். அதே மனம் ஓர் இடத்தில் பத்து வருடம் தாங்கும், இன்னோர் இடத்தில் பத்து மாதத்தில் உடையும். நேர்காணலில் உங்களிடம் கேள்வி கேட்ட பிறகு, நீங்களும் கேளுங்கள். ஒரு குழந்தை இறந்த அழைப்புக்குப் பின் எத்தனை நிமிடம் லைனிலிருந்து விலகி இருக்கலாம், அதை முடிவு செய்வது நானா, சூப்பர்வைசரா? "அப்படி விதி எதுவும் இல்லை, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால், கூட்டம் அதிகமான இரவில் அந்த நிமிடங்கள் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பின் முடிவு என்ன ஆனது என்று பின்னால் தெரிந்துகொள்ள வழி உண்டா என்றும் கேளுங்கள். முடிவு தெரியாத அழைப்புகள்தான் எங்களுக்கு நீண்ட காலம் தங்குகின்றன. நான் சொன்ன அந்த அப்பா மாதிரி. அப்புறம் தொடர்ந்து எத்தனை இரவு ஷிஃப்ட், போன வருடம் எத்தனை பேர் விலகினார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

"மோசமான சம்பவம் நடந்தால் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வைப்போம்" என்று சில இடங்களில் பெருமையாகச் சொல்வார்கள். அதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். சம்பவம் நடந்த சூட்டில் ஒரே ஒரு தடவை கட்டாயமாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று, இதைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு உதவியது எளிமையானது. ஒரு டீ, வெளியே நடக்கப் பத்து நிமிடம், கூட வருகிற ஒரு சக ஊழியர், பேச விரும்பினால் பேசலாம். இரண்டு வாரம் கழித்து சூப்பர்வைசர் மறக்காமல் "தூக்கம் எப்படி?" என்று கேட்பது.

நோட்டு நன்றாக வந்து நீங்கள் சேர்ந்துவிட்டால், எழுதுவதை நிறுத்தாதீர்கள், மாதத்தில் ஒரு வாரம் போதும். போனில் கேட்பது மட்டும்தானே, நேரில் பார்க்கவில்லையே, அதெல்லாம் காயம் ஆகுமா என்று உங்களுக்கே தோன்றும். ஆகும். 2013ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல வகைப்பாட்டு நூல், வேலையின் காரணமாக ஒருவர் கொடுமையான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதையும் மனக்காய நோயை உண்டாக்கக்கூடியதாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓர் அழைப்பின் சத்தம் தானாக வந்து வந்து போவது, அந்த மாதிரி வீடு, தெரு, குரலைத் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, தூக்கம் கெடுவது, இவை ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த ஒரு மாதம் என்ற எல்லை நோய் என்று பெயர் வைப்பதற்கு. உதவி கேட்க அத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போனது. வீட்டில் சமீபத்தில் ஏதாவது சாவு நடந்ததா? நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் தங்கள் வீட்டில் ஓர் ஆம்புலன்ஸ் வந்துபோன பிறகுதான் வருகிறார்கள். அது தவறில்லை, நல்ல காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி என்றால் நான்கு வாரச் சோதனையை இப்போது வைக்காதீர்கள். அந்தத் துக்கம் புதிதாக இருக்கும்போது எழுதும் எண்கள் துக்கத்தைத்தான் அளக்கும், உங்களை அளக்காது. ஒரு வருடம் போகட்டும், முதல் நினைவு நாள் தாண்டட்டும், பிறகு நோட்டை எடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கலாம், இரண்டாவது ஹெட்செட் கிடைக்குமா என்று மையத்துக்கு எழுதிக் கேட்பதிலிருந்து.